கூறியது கூறல்: நீண்ட வரைவில் அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனனம் செய்து பரீட்சையோடு மறந்துவிட்ட பட்டியல் அது. குன்றக் கூறலில் தொடங்கும் அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் மூன்றை மாத்திரம் இன்று ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்பனவே அவை. வேண்டியதற்கு மேல் சொற்களைப் பெய்வது முதலாவது. சொன்னதையே திரும்பச் சொல்வது இரண்டாவது. முன்னர் சொன்னதற்கு முரணாகப் பின்னர் சொல்வது மூன்றாவது. இம்மூன்றும் அருகருகே நிற்பது எத்துணைப் பொருத்தம் என்பதை இந்த உரையின் நடுவே காண்பீர்கள்.

எழுதியதைச் சுருக்க வேண்டும் என்றதும் எம்மவர் பெரும்பாலும் செய்வது என்ன? பேனையை எடுத்துக்கொண்டு முதலாவது வாக்கியத்திலிருந்து தொடங்குவார்கள். ஓர் அடைமொழியை வெட்டுவார்கள். "என்று சொன்னால் அது மிகையாகாது" என்பதை அடிப்பார்கள். இது மிகைபடக் கூறலுக்குச் செய்யும் வைத்தியம். இது வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் நீண்ட கட்டுரையொன்றின் உண்மையான நோய் பெரும்பாலும் இதுவன்று. மூன்றாம் பந்தியில் சொன்ன கருத்து பதினோராம் பந்தியில் வேறு உடையிலும், இருபத்துநான்காம் பந்தியில் இன்னோர் உடையிலும் வந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் வாக்கியங்களை வெட்டத் தொடங்கினால் நோய் தீராது என்பது மட்டுமன்று, நல்ல பாகங்களும் பறிபோய்விடும். எப்படி என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

இளம் ஆசிரியர் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றி வானொலி உரையொன்று எழுதியிருந்தார். 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்து, வட்டுக்கோட்டையில் படித்து, சென்னை சென்று, பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்து, 1901இல் மறைந்த அந்தப் பெரியாரைப் பற்றி எழுத நிறையவே உண்டு. இவரும் நிறையவே எழுதிவிட்டார். இருபத்தாறு பந்திகள், ஏறத்தாழ 2,600 சொற்கள். அவருக்குத் தரப்பட்டதோ அறிவிப்பும் இசையும் நீங்கலாகப் பதினெட்டு நிமிடங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்பது அவருடைய வாசிப்பு வேகம். ஆகவே 1,800 சொற்களுக்குள் அடங்க வேண்டும்.

இரண்டு இரவுகள் உட்கார்ந்து வெட்டியபின் 2,310 சொற்களோடு அவர் எம்மிடம் வந்தார். "ஐயா, இதற்குமேல் ஒரு சொல்லை எடுத்தாலும் இரத்தம் வரும்" என்றார். வாசித்துப் பார்த்தோம். அவர் சொன்னது மெய்தான். வாக்கியங்கள் எலும்பும் தோலுமாக இருந்தன. ஆனாலும் உரை நீளமாகவே தோன்றியது. "தம்பி, வெட்டாத பழைய வரைவு இருக்கிறதா? அதைக் கொண்டு வாரும்" என்றோம்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நடந்திருப்பது விளங்கிற்று. ஏட்டுச் சுவடிகள் அழிந்துகொண்டிருந்தன என்ற கருத்து பழைய வரைவில் நான்கு பந்திகளில் இருந்தது. நான்கிலும் கருத்து ஒன்றே. ஆனால் அவற்றுள் மூன்றில் வேறெங்கும் இல்லாத ஏதோவொரு விபரம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் பிரதி தேடிய கதை, இன்னொன்றில் 1887ஆம் ஆண்டுக் கலித்தொகைப் பதிப்பின் முன்னுரையில் ஏடுகளின் நிலையைப் பற்றிப் பிள்ளையவர்களே எழுதியிருப்பது, இப்படி. நண்பர் ஒவ்வொரு பந்தியையும் தனித்தனியே எடுத்து வெட்டினார். தனியே நிற்கும் பந்தியில் எது அவசியம், எது உபரி என்று தோன்றும்? கருத்து அவசியம் என்றும், விபரம் உபரி என்றும்தான் தோன்றும். ஆகவே இருந்த இடத்திலெல்லாம் விபரம் போய்விட்டது; நான்கு இடத்திலும் "ஏடுகள் அழிந்தன" என்ற வெறும் கூற்று தங்கிவிட்டது. எது திரும்பத் திரும்ப வந்ததோ அது பிழைத்துக் கொண்டது. எது ஒரேயொரு தரம் வந்ததோ அது கத்திக்கு இரையாயிற்று. வேண்டியதற்கு நேர் எதிரான பலன் இது. வாக்கியத்தை வெட்டுமுன் கருத்துகளை ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

இனி, திரும்ப வந்ததை எழுதியவரே ஏன் காணவில்லை என்று கேட்பீர்கள். இதற்கு எமது பாடசாலைக் கட்டுரைப் பயிற்சிக்கும் ஒரு பங்குண்டு என்பது எமது அபிப்பிராயம். "ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே" என்று மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர்கள் சொல்லை மாற்றக் கற்றுக்கொள்கிறார்கள். கருத்தை மாற்றக் கற்றுக்கொள்வதில்லை. எமது மொழியிலோ ஒத்த சொற்களுக்குப் பஞ்சமில்லை. நண்பருடைய மூன்றாம் பந்தியில் ஏடுகளைச் செல் அரித்தது. இருபத்துநான்காம் பந்தியில் கறையான் தின்றது. செல்லும் கறையானும் ஒரே பூச்சிதான் என்பது எவருக்கும் தெரியும். ஆனால் இருபது பந்திகள் தள்ளி எழுதும்போது அது வேறு பூச்சி போலவே தெரிகிறது. பதினோராம் பந்தியில் "எழுத்துச் சிதைந்தது" என்றார். இருபத்துநான்கில் உணர்ச்சி மேலிட்டுக் "காலவெள்ளம் கொண்டுபோயிற்று" என்றும் எழுதியிருந்தார். கணினியில் தட்டெழுதி வைத்திருப்போர் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடிப் பார்க்கலாமே என்பர். "ஏடு" என்று தேடினால் எழுபது இடம் காட்டும். "காலவெள்ளம்" அதில் வராது. தேடவேண்டியது சொல்லை அன்று.

நீண்ட கட்டுரை ஒரே அமர்வில் எழுதப்படுவதில்லை என்பது இன்னொரு காரணம். திங்கட்கிழமை எழுதியவர் வெள்ளிக்கிழமை மீண்டும் உட்காரும்போது, விட்ட இடத்தைப் பிடிப்பதற்குப் பின்னணியை ஒரு தரம் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். அது தாளிலும் இறங்கிவிடுகிறது. நண்பருடைய எட்டாம் பந்தியும் பதினைந்தாம் பந்தியும் அப்படிப் பிறந்தவை என்பது வாசித்தவுடனேயே புலப்பட்டது.

சரி, கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம்.

முதலில் பந்திகளுக்கு இலக்கமிட வேண்டும். பின்னர் ஒரு கொப்பியிலோ தனித் தாளிலோ, ஒவ்வொரு பந்தியும் என்ன சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதவேண்டும். வாக்கியம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். பயனிலை இருக்கவேண்டும். "ஏடுகள்" என்று தலைப்புப் போல எழுதினால் பிரயோசனமில்லை. அது எதைப் பற்றிய பந்தி என்பதைச் சொல்லுமே ஒழிய, அந்தப் பந்தி என்ன சொல்கிறது என்பதைச் சொல்லாது. "பராமரிப்பின்றி ஏடுகள் அழிந்துகொண்டிருந்தன" என்று எழுதவேண்டும். கூடுமானவரை உப்புச்சப்பற்ற சொற்களில் எழுதுங்கள். அலங்காரத்தைக் கழற்றிவிட்டால்தான் உள்ளே இருக்கும் ஆள் யார் என்பது தெரியும். "அன்னார் மட்டும் அன்று முயன்றிராவிட்டால் எத்தனை செல்வங்களைக் காலவெள்ளம் கொண்டுபோயிருக்குமோ" என்ற இருபத்துநான்காம் பந்தியை இப்படிக் கழற்றியபோது கிடைத்தது, "ஏடுகள் அழிந்துகொண்டிருந்தன, அவர் காப்பாற்றினார்" என்பதுதான். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. அந்தப் பந்திதான் அவருக்கு மிகவும் பிடித்ததாம்.

இந்த வேலையைக் கடைசிப் பந்தியிலிருந்து பின்னோக்கிச் செய்வது நன்று. முன்னோக்கிப் போனால் கட்டுரையின் ஓட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அடுத்த பந்தி என்ன சொல்லப் போகிறது என்பது தெரியுமாதலால், வாசிக்காமலே எழுதிவிடுவீர்கள். பின்னிருந்து வந்தால் ஒவ்வொரு பந்தியும் அந்நியமாக நிற்கும். ஒரு பந்தியை ஒரே வாக்கியத்தில் அடக்க முடியவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். இரண்டு வாக்கியம் எழுதி, அதற்கு அருகே ஓர் அடையாளம் இடுங்கள். அந்தப் பந்தியில் இரண்டு கருத்துகள் குடியிருக்கின்றன என்று அர்த்தம். பின்னர் அதைப் பிரிக்கவேண்டி வரலாம்.

இருபத்தாறு வாக்கியங்களும் எழுதி முடிந்ததும் தாளைக் கத்தரிக்கோலால் இருபத்தாறு துண்டுகளாக வெட்டி மேசையில் பரப்பினோம். ஒரே கூற்றைச் சொல்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். ஏடுகள் அழிந்தன என்பதற்கு நான்கு துண்டுகள்: 3, 11, 19, 24. உத்தியோகத்தின் மத்தியிலும் பதிப்புப் பணி செய்தார் என்பதற்கு நான்கு: 2, 8, 15, 22. நூல்களை முதன்முதலில் அச்சேற்றினார் என்பதற்கு மூன்று: 6, 13, 21. அவர் பதிப்புத்துறையின் முன்னோடி என்ற பொதுப் புகழுரை முதற் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும் இருந்தது. மற்றைய பதின்மூன்றும் தனித்தனி. ஆக இருபத்தாறு பந்திகளில் இருந்தவை பதினேழு கருத்துகள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். ஒரே ஆளைப் பற்றியோ ஒரே பொருளைப் பற்றியோ பேசுகின்றன என்பதற்காக இரண்டு பந்திகளை ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆறுமுக நாவலர் இந்த உரையில் மூன்று இடங்களில் வந்தார். மூன்றையும் சேர்த்து "நாவலர்" என்று ஒரு பந்தியாக்கலாமே என்றார் நண்பர். வேண்டாம் என்றோம். தொல்காப்பியச் சொல்லதிகாரம் 1868இல் வெளிவந்தபோது அதைப் பரிசோதித்தவர் நாவலர் என்பது ஓரிடத்துச் செய்தி. பழைய நூல்களைப் பிழையற அச்சிடலாம் என்பதற்கு நாவலர் முன்மாதிரியாக இருந்தார் என்பது வேறோர் இடத்துக் கூற்று. மூன்றாம் இடம் பற்றியும் இவ்வாறே. கூற்றுகள் வேறு வேறானவை. பெயர் மாத்திரமே பொது. இவற்றைக் கட்டி ஒன்றாக வைத்தால் நடுவிலே ஒரு நாவலர் சரித்திரம் முளைக்கும். பிள்ளையவர்களின் கதை அறுந்துபோகும். அதனால்தான் துண்டுகளில் தலைப்பை எழுதாமல் வாக்கியத்தை எழுதச் சொன்னோம்.

இப்போது சேர்க்கும் வேலை. ஏடுகள் பற்றிய நான்கு பந்திகளையும் வெட்டாமல், சுருக்காமல், அப்படியே ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவைத்தோம். 410 சொற்கள். பின்னர் ஒவ்வொன்றிலும் மற்ற மூன்றில் இல்லாதது எதுவோ அதன்கீழ் மட்டும் கோடிடச் சொன்னோம். மூன்றாம் பந்தியில் பராமரிப்பின்மை என்ற காரணம் கிடைத்தது. பதினோராம் பந்தியில் கிடைத்த பிரதிகளும் குறைபட்டவை என்பதும், அதனால் பல பிரதிகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது என்பதும் கிடைத்தன. பத்தொன்பதாம் பந்தியில் முன்னுரைச் செய்தி. இருபத்துநான்காம் பந்தியில் கோடிட ஒன்றுமே இல்லை. அது முழுவதும் போகலாம் என்று நண்பரே சொன்னார்.

எங்கே சேர்ப்பது என்பதுதான் கடினமான கேள்வி. கருத்து முதலில் தலைகாட்டிய மூன்றாம் பந்தியிலா? சான்று பலமாக இருக்கும் பத்தொன்பதாம் பந்தியிலா? மூன்றில் வைத்தால் கலித்தொகையை அறிமுகம் செய்யுமுன்பே அதன் முன்னுரையைப் பற்றிப் பேசவேண்டிவரும். பத்தொன்பதில் வைத்தால், பிள்ளையவர்கள் ஏன் பிரதி பிரதியாகத் தேடினார் என்பது தேடல் கதை முடிந்த பிறகே நேயருக்குத் தெரியவரும். ஒரு கருத்து எந்த இடத்தில் வேலை செய்கிறதோ, அதாவது அடுத்து நடப்பதற்கு அது எங்கே காரணமாகிறதோ, அதுவே அதன் வீடு என்பது எமது கணக்கு. ஏடுகள் சிதைந்திருந்தமையால்தான் ஒப்புநோக்கவேண்டி வந்தது. ஒப்புநோக்கும் கதை பதினோராம் பந்தியில் இருக்கிறது. ஆகவே அதற்கு முன்வாசலில் வைத்தோம். மூன்றாம் பந்தியில் "ஏடுகளாகவே இருந்தன" என்ற அளவோடு நிறுத்திக் கொண்டோம்.

சேர்த்தபின் நான்கு பந்திகளின் வாக்கியங்களை ஒட்டுப் போட்டுத் தைக்கக்கூடாது. தைத்த இடம் தெரியும். கோடிட்டவற்றைப் பார்த்தபடி புதிதாக ஒரு பந்தி எழுதவேண்டும். நண்பர் எழுதியது இப்படித் தொடங்கிற்று:

"பிரதி தேடியவருக்கு ஏடு கிடையாமை மட்டும் இடராகவில்லை. கிடைத்த ஏடே கையில் நில்லாத நிலை. பேணுவாரின்றிச் செல்லரித்தவை பல. கலித்தொகையை 1887இல் பதிப்பித்தபோது அந்நூலின் முன்னுரையிலே இந்த அவலத்தை அவர் விரிவாக எழுதி வைத்தார். ஒரு பிரதியில் அழிந்த அடியை இன்னொன்றிலே தேடவேண்டும். அந்த இன்னொன்றிலோ வேறோர் அடி அழிந்திருக்கும். எனவே எந்தவொரு பிரதியையும் தனியே நம்பிப் பதிப்பிக்க அவரால் முடியவில்லை."

தொடர்ந்து ஒப்புநோக்கிய விபரம். எல்லாமாக 220 சொற்கள். 410 சொற்களில் சொன்னதைவிட இதில் செய்தி குறைவா? கோடிட்ட ஒன்றுகூட விடுபடவில்லை. முன்பு சிதறிக் கிடந்தபோது இல்லாத ஒன்றும் கூடியிருக்கிறது. முன்னுரைச் செய்தி ஒப்புநோக்கும் முறைக்குக் காரணமாக வந்து நிற்கிறது. பழைய வரைவில் இந்த இரண்டுக்கும் இடையே ஏழு பந்திகள் கிடந்தன.

உத்தியோகம் பற்றிய நான்கு பந்திகளை இந்த முறையில் சேர்க்க முடியவில்லை. காரணம், அவை கால வரிசையில் வந்தவை. சென்னை அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் இருந்தமை ஓரிடத்தில்; பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தமை இன்னோரிடத்தில். எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தால் காலம் குழம்பும். இங்கே செய்தியையும் கூற்றையும் பிரித்தோம். எந்த ஆண்டில் எந்தப் பதவி என்ற செய்தி அதனதன் இடத்திலேயே ஒரு தொடராக நிற்கட்டும். "இத்தனை உத்தியோகச் சுமைகளுக்கு மத்தியிலும்" என்ற வியப்பு மாத்திரம் ஒரே தடவை வரட்டும். நான்கு தடவை வியந்தால் நேயர் நாலாந்தரம் வியக்கமாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார்.

மூன்றாவது அடுக்கில்தான் விடயம் வேறாயிற்று. நூல்களை முதன்முதலில் அச்சேற்றியவர் என்ற கருத்து. ஆறாம் பந்தி, சங்க நூல்களுள் முதலில் அச்சேறியது கலித்தொகையே என்றது. பதின்மூன்றாம் பந்தி அதையே வேறு சொற்களில் சொன்னது. இருபத்தோராம் பந்தியோ, முன்னோர் முயற்சிகளைக் கூறும்போது, நாவலர் 1850களிலேயே திருமுருகாற்றுப்படையை உரையோடு பதிப்பித்தார் என்றது. திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டில் முதலாவது பாட்டு. பத்துப்பாட்டு சங்க நூல். அப்படியானால் 1887இல் வந்த கலித்தொகை எப்படி முதலாவதாகும்?

ஆறாம் பந்திக்கும் இருபத்தோராம் பந்திக்கும் இடையே பதினைந்து பந்திகள் தூரம். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. வாக்கியம் வாக்கியமாக இரண்டிரவு வெட்டியவரும் அவரே. அப்போதெல்லாம் கண்ணில் படாத முரண், இரண்டு துண்டுத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தவுடன் பட்டது. நன்னூலார் வரிசையில் கூறியது கூறலுக்குப் பக்கத்து வீடு மாறுகொளக் கூறல் என்று ஆரம்பத்தில் சொன்னோமல்லவா? ஒன்றையே பலதரம் சொல்பவர் ஒவ்வொரு தரமும் சற்று வேறாகச் சொல்வார். அந்த வேறுபாடு சில வேளை அழகாக மாத்திரம் இருக்கும். சில வேளை பிழையாக இருக்கும். வானொலியில் போயிருந்தால் அறிந்த நேயர் எவராவது கடிதம் எழுதியிருப்பார்.

திருத்தம் கடினமாயிருக்கவில்லை. எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது கலித்தொகை. அது சரியான கூற்று. "எட்டுத்தொகை" என்பது ஆறாம் பந்தியில் எப்படியோ "சங்க நூல்கள்" என்று அகன்றுவிட்டது. புதிய பந்தியில் நாவலரின் திருமுருகாற்றுப்படைப் பதிப்பை முதலில் வைத்து, அதன்பின் பிள்ளையவர்களின் வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887 என்று வரிசைப்படுத்தினார். கலித்தொகையைப் பற்றிய உரிமைக் கூற்று சுருங்கியது. ஆனால் இப்போது எவரும் அசைக்க முடியாததாயிற்று. வெறுமனே வாக்கியம் திருத்துபவர் இரண்டு "முதன்முதலில்"களில் ஒன்றை அழகுக்காக "முன்னோடியாக" என்று மாற்றியிருப்பார். பிழை இன்னும் ஆழத்தில் புதைந்திருக்கும்.

பந்திகளை இடம்பெயர்த்தபின் பள்ளங்கள் விழும். அவற்றை நிரவாமல் வெட்டத் தொடங்கலாகாது. எடுக்கப்பட்ட ஒவ்வொரு பந்திக்கும் முன்னிருந்ததன் கடைசி வாக்கியத்தையும், பின்னிருந்ததன் முதல் வாக்கியத்தையும் சேர்த்து வாய்விட்டு வாசியுங்கள். நண்பருடைய இருபதாம் பந்தி "அம்முன்னுரையிலேயே அவர்" என்று தொடங்கிற்று. முன்னுரை எட்டுப் பந்திகள் மேலே ஏறிப்போய்விட்டது. "அம்" என்ற சுட்டு வெறுங்காற்றைச் சுட்டிக்கொண்டு நின்றது. இருபத்தைந்தாம் பந்தியின் "இந்நிலையில்" என்பதற்கும் அதே கதி. "மேற்கூறியவாறு" என்பது எங்கெங்கு வருகிறதோ அங்கெல்லாம் மேலே கூறியது இன்னும் மேலேதான் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் எழுதுவோருக்கு இன்னொரு பொல்லாப்பு உண்டு. நகர்த்துவதற்குப் பதிலாகப் பிரதி செய்து ஒட்டிவிட்டுப் பழைய இடத்தில் அழிக்க மறந்துவிடுவார்கள். பிறகு எழுத்துக்கெழுத்து ஒரே பந்தி இரண்டிடத்தில் இருக்கும்.

எல்லாத் திரும்பல்களையும் ஒழிக்கவேண்டுமா என்றால், இல்லை. வேறொரு பயன் விளையுமானால் கூறியது கூறல் குற்றமாகாது என்று உரையாசிரியர்களும் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகை வாசகர் பக்கத்தின் மேலே கண்ணை ஓட்டிப் பார்க்கலாம். வானொலி நேயருக்கு அந்த வசதி இல்லை. பத்து நிமிடம் முன்னர் கேட்டதை நினைவூட்ட வேண்டிய இடம் வரும். அப்படி நினைவூட்டுவதற்கு அரை வாக்கியம் போதும். "சிதைந்த அந்த ஏடுகளைக் கொண்டே" என்றால் நேயர் பிடித்துக்கொள்வார். ஏடு எப்படிச் சிதைந்தது என்று மறுபடி விவரிக்கத் தொடங்கினால் அது நினைவூட்டல் அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் அறிய ஒரு சோதனை உண்டு. அந்தத் தொடரை எடுத்துவிட்டு, அடுத்த வாக்கியம் விளங்குகிறதா என்று பாருங்கள். விளங்கவில்லையென்றால் அது தேவை. விளங்குகிறதென்றால், இன்னும் ஒரு தரம் யோசியுங்கள்.

முதற் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும் இருந்த புகழுரையில் நண்பருக்கும் எமக்கும் சிறு தர்க்கம் நடந்தது. தொடக்கத்தில் சொன்னதை முடிவில் சொல்வதுதானே முறை என்றார். பரீட்சைக் கட்டுரைக்கு அது முறையாக இருக்கலாம். பதினெட்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, கேட்பதற்கு முன்பு சொன்ன வாக்கியத்தையே மீளவும் கொடுப்பது எமக்கு உடன்பாடில்லை. ஈற்றில் முதற் பந்தியிலிருந்த புகழுரைதான் போனது. உரை இப்போது சிறுப்பிட்டியிலிருந்து நேரே தொடங்குகிறது. மற்றையதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதியவர் அவர், அவருடைய உரிமை.

கணக்கைப் பார்ப்போம். ஏடுகள் பற்றிய அடுக்கில் மீந்தது 190 சொற்கள். உத்தியோக அடுக்கிலும் 190. அச்சேற்றம் பற்றியதில் 110. புகழுரையில் 110. மொத்தம் 600. ஒரு வாக்கியத்தையேனும் சுருக்காமல் 2,600 சொற்கள் 2,000 ஆயின. இதன் பின்னர்தான் பேனையை எடுத்து வாக்கியங்களுக்குப் போனோம். பத்திலொரு பங்கு குறையவேண்டியிருந்தது. அதற்கு இரண்டு இரவுகள் தேவைப்படவில்லை. ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. "என்றால் மிகையாகாது" மூன்றிடத்தில் போயிற்று. "தமிழ் கூறும் நல்லுலகம்" இரண்டில் ஒன்று போயிற்று. ஆண்டுகளிலும் ஊர்ப்பெயர்களிலும் நூற்பெயர்களிலும் ஒன்றுகூடப் போகவில்லை.

நண்பர் வெட்டிய முதலாவது பிரதி, அந்த 2,310 சொற்பிரதி, இன்னும் எம்மிடம் இருக்கிறது. அதன் இருபத்துநான்காம் பந்தியில் எஞ்சியிருப்பது ஒரே வாக்கியம்: ஏடுகள் அழிந்தன.

அடுத்த வாரம் மேற்கோள்களைப் பற்றிப் பேசுவோம். ஒரு கட்டுரையில் பிறருடைய குரலை எவ்வளவு தூரம் பேசவிடலாம் என்பது பொருள்.